பொடுகும் எண்ணெயும்

ஐப்பசி பிறந்து விட்டால் சென்னைக்கு மேற்கே உள்ள ஏரிப் பிரதேசத்தில் துணி உலர்வது அரிதாகி விடுகிறது. காலையில் கொடியில் போட்ட வேஷ்டி மாலையிலும் சில்லென்று இருக்கும். உப்பு ஜாடியில் நீர் விட்டு நிற்கும். காற்றே நனைந்திருக்கிற இந்த நாட்களில் மனிதனுடைய தலை மட்டும் எப்படி உலர்ந்திருக்க முடியும்? செம்பரம்பாக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரையில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் யாராவது ஒருவர் தலையைச் சொறிந்து கொண்டிருப்பதைக் காணலாம். மழைக் காலம் மட்டுமல்ல. புழுக்கம் மிகுந்த ஆடி, ஆவணி மாதங்களிலும் இதே கதைதான்.

பொடுகு என்பது உயிருக்கு ஆபத்தான வியாதி அல்ல. ஆகவே அதை ஒரு வியாதியாகவே யாரும் மதிப்பதில்லை. "தலை வறண்டு போயிருக்கிறது, இன்னும் கொஞ்சம் எண்ணெய் வை" என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒரே வாக்கியத்தில் சிகிச்சையை முடித்து விடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இங்கே எழுத முற்படுகிறோம். அன்பினால் சொல்லப்படுவதுதான் என்றாலும், புழுக்கமான நம் ஊர்களில் பொடுகை வளர்ப்பதற்கு அதைவிடச் சிறந்த உபாயம் வேறொன்று இல்லை.

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னதாகப் பென்னலூர் இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் ஏரியும் வயலுமாக இருந்த சிற்றூர்தான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் வண்டிகள் தயாராக ஆரம்பித்த பிறகு, இந்தச் சுற்றுவட்டாரமே ஒரகடம் வரையில் தொழிற்சாலைப் பிரதேசமாக மாறி விட்டது. வெளி ஜில்லாக்களிலிருந்து வந்து வேலை செய்யும் பெண்களின் தொகை எவ்வளவு என்பதற்கு ஓர் அடையாளம் சொல்லலாம். வல்லம் வடகாலில் அவர்களுக்கென்று 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட விடுதி ஒன்றில் மாத்திரம் 18,720 பேர் தங்க இடம் உண்டு. அங்கே இடம் பெறாதவர்கள் பென்னலூர் போன்ற கிராமங்களில் ஓர் அறைக்கு ஐந்து பேர், ஆறு பேராக வாடகைக்குக் குடியிருக்கிறார்கள்.

அப்படி ஓர் அறையில் இருந்தவள் நம்மிடம் முன்பு படித்த ஒரு பெண். ஊர் செய்யாற்றுப் பக்கம். இடுப்பைத் தாண்டிய கூந்தல். அதில் அவளுக்கும் அவள் தாயாருக்கும் இருந்த பெருமை கொஞ்சமல்ல. ஒரு தொழிற்சாலையில் சிறு சிறு மின்சார உறுப்புகளைப் பொருத்தும் வேலை. எட்டு மணி நேரமும் தலைமயிர் வெளியே தெரியாதபடி காதுவரை இறுக்கும் துணிக் குல்லாய் அணிந்திருக்க வேண்டும். ஒரு வாரம் காலை முறை, அடுத்த வாரம் பிற்பகல், அதற்கடுத்த வாரம் இரவு என்று முறை மாறிக் கொண்டே இருக்கும்.

வேலையில் சேர்ந்த ஆறாவது மாதம் தலை அரிக்கத் தொடங்கியது. குல்லாய்க்குள் கை விட முடியாது. விட்டால் மேற்பார்வையாளர் முறைப்பார். வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியதும் இரண்டு கையாலும் சொறிவாள். நகம் பட்டுப் புண்ணாகி, புண்ணின்மேல் பொருக்கு ஏறிற்று. தாயார் ஊரிலிருந்து செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் கொடுத்தனுப்பினாள். பெண் அதை ஒவ்வொரு நாள் இரவும் தலை நிறையத் தடவி, அப்படியே பின்னிப் படுத்துக் கொண்டாள். தலைக்கு நீர் வார்த்துக் கொண்டால் மயிர் உதிர்கிறது என்று பயந்து, வாரம் ஒரு முறை ஸ்நானத்தைப் பத்து நாளைக்கு ஒரு முறையாக்கினாள். பொடுகு தொற்றிக் கொள்ளும் என்று அறைத் தோழிகள் அவளுடைய பாயைத் தனியே தள்ளிப் போட்டார்கள். நம்மைப் பார்க்க வந்தபோது, "மொட்டை அடித்துக் கொண்டு விடலாமா என்று இருக்கிறது, ஸார். அம்மாதான் அழுகிறாள்" என்றாள்.

மொட்டை அடிப்பதற்கு முன்னால், பொடுகு என்பது என்ன என்று தெரிந்து கொள்வது நல்லது.

நம்முடைய தலைத்தோலில் மயிர்க்கால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் நெய்ப்பசையைச் சுரக்கும் நுண்ணிய சுரப்பி ஒன்று இருக்கிறது. பருவம் வந்த பிறகு அது நன்றாகச் சுரக்க ஆரம்பிக்கிறது. அந்தப் பசையைத் தின்று வாழும் ஒரு நுண்ணுயிர், அநேகமாகப் பெரியவர்கள் எல்லோருடைய தலையிலும் உண்டு. காளான் இனத்தைச் சேர்ந்தது. 1874-ல் மலாஸே என்ற பிரெஞ்சு நிபுணர் பொடுகுச் செதிலைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து இதை விவரித்தார். அவர் பெயரைக் கொண்டே இதற்கு மலாஸீஸியா என்று பெயர். 2007-ல் இதன் மரபணுக்களை முழுதும் படித்துப் பார்த்தபோது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே செய்து கொள்ளும் சக்தி இந்த உயிருக்குக் கிடையாது. பிறர் எண்ணெயில்தான் அது பிழைக்க வேண்டும். பரிசோதனைச் சாலையில் இதை வளர்க்க வேண்டுமானால், வளர்ப்புக் கூழின்மேல் ஆலிவ் எண்ணெயை ஒரு படலமாக ஊற்றி வைப்பது நெடுநாளைய வழக்கம்.

இந்தக் காளான் நெய்ப்பசையை உடைத்துத் தனக்கு வேண்டிய பகுதியை எடுத்துக் கொண்டு, ஓலிக் அமிலம் என்னும் பகுதியை மிச்சம் வைத்து விடுகிறது. அந்த மிச்சம் தோலுக்குள் இறங்குகிறது. சிலருடைய தோல் அதைச் சகித்துக் கொள்கிறது. சிலருடைய தோல் சகிப்பதில்லை. சகியாத தோல் எரிச்சலடைந்து, வேண்டாத வேகத்தில் புதுத் தோலை உண்டாக்கிப் பழையதை அரைகுறையாகத் தள்ளுகிறது. சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொரு துகளாக உதிர வேண்டிய தோல், பல துகள்கள் ஒட்டிக் கொண்ட செதிலாக உதிர்கிறது. அதுதான் பொடுகு. ஆராய்ச்சியாளர்கள் ஓலிக் அமிலத்தை மாத்திரம் தனியே சிலர் தலையில் தடவிப் பார்த்திருக்கிறார்கள். பொடுகு வரும் இயல்பு உள்ளவர்களுக்குச் செதில் உண்டாயிற்று. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே வீட்டில், ஒரே எண்ணெயைத் தடவி, ஒரே கிணற்று நீரில் குளிக்கும் அக்காளுக்குப் பொடுகு இருக்கத் தங்கைக்கு இல்லாமல் போவதன் காரணம் இதுவே.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. காளான் எல்லோரிடமும் முன்பே இருப்பதால், சீப்பினாலோ தலையணையினாலோ பொடுகு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு வந்து விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. பேன் தொற்றும், படர்தாமரை தொற்றும், பொடுகு தொற்றாது. பென்னலூர்த் தோழிகள் பாயைத் தள்ளிப் போட்டது அநாவசியம். இரண்டாவது, பொடுகு வறட்சியினால் வருவது என்பது இந்தச் சீதோஷ்ணத்தில் பெரும்பாலும் தவறான எண்ணம். செதில் உதிர்வதைப் பார்த்ததும் வறட்சி என்று தோன்றுவது இயற்கைதான். ஆனால் ஒரு செதிலை விரல் நுனியில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். உண்மையான வறட்சியில் அது மாவு போலச் சிறிதாக, வெள்ளையாக, பறந்து போவதாக இருக்கும். அவர்களுக்குக் கை கால் தோலும் வறண்டிருக்கும். பொடுகுச் செதிலோ சற்றுப் பெரிதாக, மஞ்சள் பாரித்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். வியர்வை பெருகும் நேரத்தில் அரிப்பு அதிகமாகும். அந்தப் பெண்ணின் செதில் இந்த இரண்டாவது வகை. இரவெல்லாம் அவள் தலையில் ஊறிய தேங்காயெண்ணெய் யாருக்கு விருந்தாயிற்று என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

எண்ணெய் ஸ்நானத்தையே நாம் கண்டிப்பதாக நேயர்கள் எண்ணி விடக் கூடாது. நம் முன்னோர்களுடைய எண்ணெய் ஸ்நானத்தில் எண்ணெய் தேய்ப்பது பாதி. அதைச் சிகைக்காயால் சுத்தமாக எடுத்து விடுவது மற்றப் பாதி. தேய்த்த எண்ணெய் ஒரு நாழிகையோ இரண்டு நாழிகையோ தலையில் இருக்கும், அவ்வளவுதான். பிறகு சாம்பிராணிப் புகையில் கூந்தலை விரித்து உலர்த்துவார்கள். காலையில் தடவிய எண்ணெய் மறு நாள் காலை வரையில், அதன்மேல் இன்னொரு பூச்சாக மறு நாள் எண்ணெய், என்று வாரக் கணக்கில் சேர்த்து வைப்பது அந்தப் பழைய முறை அல்ல. தேங்காயெண்ணெய் காளானுக்கு உதவுமா, கெடுக்குமா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒருமித்த முடிவு இன்னும் இல்லை; அதிலுள்ள லாரிக் அமிலம் சில கிருமிகளைத் தடுப்பதாகப் பரிசோதனைச் சாலையில் கண்டிருக்கிறார்கள். ஆனால் பொடுகு இருக்கும்போது எண்ணெயை இரவு முழுதும் ஊற விடுவதால் நன்மை உண்டு என்று சொல்ல ஆதாரம் போதாது. பொருக்கு கனமாக ஏறியிருந்தால், ஸ்நானத்துக்கு அரை மணி முன்னதாகச் சிறிது எண்ணெய் தடவி அதை இளக்கிக் கொள்ளலாம். பிறகு முழுவதையும் எடுத்து விட வேண்டும். மயிர் சிக்குப் படுகிறது என்பவர்கள் கூந்தலின் நுனிப் பாதிக்கு மாத்திரம் இரண்டு துளி தடவிக் கொள்ளட்டும், வேர்ப்பக்கம் வேண்டாம்.

இனி சிகிச்சை. அந்தப் பெண்ணுக்குச் சருமநோய் டாக்டர் எழுதிக் கொடுத்தது கீட்டோகோனஸோல் என்ற மருந்து 2 சதவிகிதம் கலந்த ஷாம்பூ. இது காளானின் வளர்ச்சியைத் தடுப்பது. வாரத்துக்கு இரண்டு முறை, நான்கு வாரம். இந்த மருந்தை உபயோகித்தும் பலன் இல்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் மருந்தைத் தலைக்குக் கொடுக்காமல் சாக்கடைக்குக் கொடுக்கிறவர்கள். நுரை வந்ததும் அலசி விடுகிறார்கள். மருந்து தோலோடு உறவாட அவகாசம் வேண்டும்.

செய்ய வேண்டிய விதம் இது. முதலில் தலையை நன்றாக நனைத்து, சாதாரண ஷாம்பூவினாலோ சிகைக்காயினாலோ எண்ணெயையும் அழுக்கையும் ஒரு முறை எடுத்து விட வேண்டும். எண்ணெய்ப் படலத்தின்மேல் மருந்தை ஊற்றினால் மருந்து படலத்தோடு போய் விடும். பிறகு மருந்து ஷாம்பூ ஒரு தேக்கரண்டி, அடர்ந்த கூந்தலானால் இரண்டு. அதைக் கூந்தலின்மேல் கவிழ்க்காமல், விரலால் வகிடு வகிடாகப் பிரித்து, தோலில் படும்படி வைக்க வேண்டும். நெற்றியோரம், காதுக்குப் பின்புறம், பிடரி ஆகிய மூன்று இடங்களை மறந்து விடுவது வழக்கம். செதில் அதிகமாகத் தங்குவதும் அங்கேதான். விரல் நுனியின் சதையால் தேய்க்கலாம், நகத்தால் கூடாது. தேய்த்த பின் ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஆறு பேருக்கு ஒரு ஸ்நான அறை உள்ள இடத்தில் ஐந்து நிமிஷம் என்பது பெரிய காலம் என்று அந்தப் பெண் சொன்னாள். மருந்தைத் தலையில் வைத்துக் கொண்டு வெளியே வந்து, துணி துவைத்து முடித்து விட்டுத் திரும்பப் போய் அலசுவதென்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அலசும்போது கண்ணில் படாமல் தலையைப் பின்புறம் சாய்த்து, வழுவழுப்புப் போகும் வரையில் நீர் விட வேண்டும்.

ஷாம்பூ என்ற வார்த்தையைக் கண்டு சிகைக்காய்ப் பக்ஷத்தினர் முகம் சுளிக்க வேண்டியதில்லை. அது அழுத்திப் பிடிப்பதைக் குறிக்கும் ஹிந்துஸ்தானி வார்த்தையிலிருந்து பிறந்தது. பாட்னாவில் பிறந்த ஸேக் தீன் மஹமத் என்பவர் இங்கிலாந்து சென்று, பிரைட்டன் நகரில் 1814-ம் வருஷத்தில் ஸ்நான சாலை வைத்து வெள்ளைக்காரர்களுக்கு உடம்பு பிடித்து விட்டுப் பேர் வாங்கினார். அரசருக்கே அந்த உத்தியோகம் பார்த்தார். நம்மிடமிருந்து போன வார்த்தை, சீசாவில் அடைபட்டுத் திரும்பி வந்திருக்கிறது. அதைச் சிறிய பொட்டலத்தில் அடைத்து ஏழை வீடுகளுக்கும் எட்டச் செய்ததும் கடலூர்க்காரர்களே.

சிகைக்காய் அழுக்கை எடுக்கும்; காளானை அடக்கும் மருந்தாக அதை நம்பக் கூடாது. அரைத்த பொடியைச் சரியாக அலசாவிட்டால் அதன் துகளே வேர்க்காலில் தங்கிப் பொடுகு போல வேஷம் போடும். வெந்தயம் அரைத்துப் பூசுவதிலும் இதே சங்கடம் உண்டு. எலுமிச்சம்பழத்தைப் பிளந்து தலையில் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். சொறிந்து புண்ணான தலையில் எலுமிச்சை ரஸம் என்ன செய்யும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. அதில் சோப்புக் கட்டியைக் கொண்டு தலை தேய்த்தால், நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் கூடித் தயிர் திரிந்தாற் போல் ஒரு வெள்ளைப் பிசுக்கு உண்டாகி மயிரில் படிந்து விடுகிறது. உலர்ந்ததும் அது வெள்ளை வெள்ளையாக உதிரும். பார்த்தவர்கள் பொடுகு என்பார்கள். நீர் கடினமானதா என்று அறிவது சுலபம். ஒரு சீசாவில் பாதி நீர் விட்டு, சிறிது குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினால், நல்ல நீரில் நுரை பொங்கி நிற்கும். கடின நீரில் நுரை அடங்கி, நீர் கலங்கித் திட்டுத் திட்டாக மிதக்கும். அப்படியானால் தலைக்குச் சோப்பை விட்டு விட வேண்டும். ஷாம்பூவும் சிகைக்காயும் இப்படித் திரிவதில்லை. கடைசி அலசலுக்கு மாத்திரம் ஒரு குடம் மழை நீர் கிடைத்தால் அதைவிட உத்தமம் இல்லை. கார்த்திகையில் அதற்குப் பஞ்சமும் இல்லை.

மருந்துக்குச் சமமாக நாம் கருதுவது உலர்த்துதல். ஈரக் கூந்தலைப் பின்னி, அதன்மேல் குல்லாயை இறுக்கி, எட்டு மணி நேரம் வியர்த்தால் தலை காளானுக்கு நாற்றங்காலாகி விடும். ஆகவே வேலை முறைக்குத் தக்கபடி ஸ்நான வேளையை மாற்றிக் கொள்ளும்படி சொன்னோம். காலை ஆறு மணிக்கு வேலையானால், பிற்பகல் திரும்பி வந்ததும் மூன்று மணிக்கு ஸ்நானம். படுக்கப் போவதற்குள் உலர்ந்து விடும். பிற்பகல் வேலையானால் காலை எட்டு மணிக்கே. இரவு வேலை வாரத்தில்தான் கஷ்டம். காலையில் ஏழு மணிக்கு வந்து, தலை முழுகி, அந்த ஈரத்தோடு படுத்து விடுவது எல்லோருடைய வழக்கமும். அதற்குப் பதிலாக முதலில் தூங்கி எழுந்து, பிற்பகலில் ஸ்நானம் செய்து, இரவு பஸ் வருவதற்குள் விசிறியின் கீழ் கூந்தலை விரித்து உலர்த்த வேண்டும். துண்டால் ஒற்றிய பின் வேர்ப்பக்கத்தில் கை வைத்துப் பார்த்து, சில்லென்ற உணர்ச்சி போன பிறகே பின்ன வேண்டும். குல்லாயை ஒரு நாள் விட்டு ஒரு நாள் துவைத்துக் கொள்வதும், அதனுள் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை மடித்து வைத்துத் தினம் மாற்றுவதும் வியர்வையைக் குறைக்கும்.

அடிக்கடி தலை முழுகினால் மயிர் உதிரும் என்ற பயம் அந்தப் பெண்ணை லேசில் விடவில்லை. மனிதர்களுக்குத் தினம் ஐம்பதிலிருந்து நூறு மயிர் வரையில் உதிர்வது இயற்கை. பத்து நாளைக்கு ஒரு முறை முழுகினால், வேரை விட்டுப் பின்னலில் சிக்கி நின்ற பத்து நாள் மயிரும் ஒரே சமயத்தில் கையோடு வருகிறது. மூன்று நாளைக்கு ஒரு முறை முழுகினால் மூன்று நாளையது மட்டும் வரும். மொத்தத்தில் உதிர்வது ஒன்றேதான். கணக்குப் பாடத்தில் அவள் கெட்டிக்காரி; இதைச் சொன்னதும் சிரித்து விட்டாள். ஜலதோஷத்துக்கும் அப்படியே. அது பிறரிடமிருந்து தொற்றும் நுண்கிருமியால் வருவது. பகலில் முழுகித் தலையை உலர்த்திக் கொள்பவர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

முதல் வாரத்தில் இரண்டு ஸ்நானத்துக்குப் பின் அரிப்பு மட்டுப்பட்டது, செதில் குறையவில்லை. இதுதான் இயற்கையான வரிசை. பழைய செதில் கழிந்து போக நாள் ஆகும். முதல் வாரத்தில் செதிலைப் பார்த்து மருந்து பயனற்றது என்று நிறுத்துகிறவர்கள் அநேகர். இரண்டாவது வாரம் நகக் காயங்கள் ஆறின. நான்காவது வார முடிவில் வகிடு சுத்தமாயிற்று. பெண் சந்தோஷமாக மருந்தை நிறுத்தி, பழையபடி இரவு எண்ணெய்க்குப் போனாள். ஏழாவது வாரம், மழை பிடித்துக் கொண்ட சமயத்தில், அரிப்பு திரும்பி வந்தது.

இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. காளானை அடக்கலாமே ஒழிய, நாட்டை விட்டு ஓட்ட முடியாது. சில வாரங்களில் அது பழைய தொகைக்கு வந்து விடும். ஆகவே நான்கு வார சிகிச்சைக்குப் பிறகு, வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ அதே மருந்து ஷாம்பூவை அதே ஐந்து நிமிஷக் கணக்கில் உபயோகித்து வர வேண்டும். மற்ற ஸ்நானங்களுக்குச் சாதாரண ஷாம்பூவோ சிகைக்காயோ போதும். அவள் மறுபடி நான்கு வாரம் செய்து, பிறகு வாரம் ஒரு முறை என்று வைத்துக் கொண்டாள். தை பிறந்து காற்று உலர்ந்த பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாக்கினாள். பொடுகு லேசாக இருப்பவர்களுக்கு இந்த மருந்துகூட ஆரம்பத்தில் வேண்டாம். துத்தநாகப் பைரிதியோன் கலந்த ஷாம்பூவை வாரம் மூன்று முறை, அதே ஐந்து நிமிஷம் வைத்து, ஒரு மாதம் பார்க்கலாம். செலீனியம் ஸல்பைடு கலந்தது கிடைத்தால், தோடு, சங்கிலி முதலியவற்றைக் கழற்றி வைத்து விட்டு உபயோகிக்க வேண்டும். நகை கறுத்துப் போகும்.

மருந்துக் கடையில் இரண்டு விஷயத்தில் ஜாக்கிரதை தேவை. அரிப்பு என்று சொன்னதும், ஸ்டீராய்டு கலந்த களிம்பையோ தைலத்தையோ சில கடைக்காரர்கள் எடுத்து நீட்டுகிறார்கள். இரண்டே நாளில் அரிப்பு மாயமாக நிற்கும். நிறுத்தியதும் முன்னிலும் பலமாக வரும். நாள்பட உபயோகித்தால் தோல் மெலிந்து போகும். டாக்டர் நாள் கணக்கிட்டுக் கொடுத்தாலன்றி அதைத் தொடக் கூடாது. அப்படியே, ஷாம்பூவில் உள்ள கீட்டோகோனஸோலை மாத்திரையாக விழுங்கினால் சீக்கிரம் குணமாகுமே என்றும் சிலர் நினைக்கிறார்கள். ஷாம்பூ தோலோடு நிற்பது; மாத்திரை கல்லீரலைக் கெடுக்கக் கூடியது. 2013-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்காக அந்த மாத்திரைக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தார்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்குப் பாலூட்டுகிறவர்களும் ஷாம்பூவைக்கூட டாக்டரைக் கேட்டு உபயோகிப்பது நலம்.

தலையில் அரிப்பது எல்லாம் பொடுகு அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் நாம் தினம் காண்பது இதுதான். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பொடுகு அபூர்வம். அந்த வயதில் அரிப்பு இருந்தால் முதலில் பேனைத் தேட வேண்டும். ஈரும் செதிலும் ஒன்று போல வெள்ளையாக இருக்கும். செதிலை ஊதினால் பறக்கும், ஈரை நகத்தால் பிடித்து இழுத்தாலும் மயிரை விட்டு லேசில் வராது. குழந்தையின் தலையில் வட்டமாக மயிர் உதிர்ந்து, அங்கே மயிர் ஒடிந்து கரும்புள்ளி போல நின்றால் அது படர்தாமரை. ஷாம்பூ மாத்திரம் அதைக் குணப்படுத்தாது. உள்ளுக்கு மருந்து வேண்டும். தாமதித்தால் அந்த இடத்தில் மயிர் முளையாமலே போகலாம். பெரியவர்களுக்குச் செதில் வெள்ளி போலப் பளபளத்து, தடித்த திட்டாகி, நெற்றி எல்லையைத் தாண்டி இறங்கினால், முழங்கையிலும் முழங்காலிலும் அவ்வாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது காளாஞ்சகப்படையாக இருக்கலாம். தலைக்கு மை பூசிக் கொண்ட மறு நாளோ அதற்கடுத்த நாளோ காதும் நெற்றியும் வீங்கி அரித்தால் குற்றவாளி மைதான். இனி அதைத் தொடவே கூடாது. நான்கு வாரம் முறைப்படி மருந்து ஷாம்பூ உபயோகித்தும் குறையாவிட்டாலும், சீழ் கட்டி ஜுரம் கண்டாலும் சருமநோய் டாக்டரிடம் போக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் அரசாங்க ஆஸ்பத்திரியில் கேட்டால் எங்கே போவதென்று சொல்வார்கள்.

இந்த ஐப்பசியில் அந்தப் பெண்ணின் அறையில் நான்கு பேர் முறை வைத்துத் துணி துவைக்கிறார்களாம், தலையில் நுரையோடு. செய்யாற்றிலிருந்து எண்ணெய் வருவது மட்டும் நிற்கவில்லை. அது இப்போது தோசைக்கல்லுக்கு உபயோகமாகிறது.